எட்டுத் தாள் எப்படிப் பன்னிரண்டாகிறது?

வேதியியல் வகுப்பறையின் சுவருக்குத் தனிம வரிசை அட்டவணை ஒன்று வேண்டும். நல்ல பி.டி.எஃப் கோப்பு கிடைத்துவிட்டது. அளவு ஏ1, அதாவது 841 மில்லிமீட்டர் அகலம், 594 மில்லிமீட்டர் உயரம். ஆனால் பள்ளி அலுவலகத்தில் இருப்பது ஏ4 தாள் மட்டுமே போகும் சாதாரண அச்சுப்பொறி. பெரிய படத்தைத் துண்டு துண்டாக ஏ4 தாள்களில் அடித்து, பிறகு ஒட்டிச் சேர்த்துவிடலாம். அதற்கு எத்தனை தாள் வேண்டும்?

கணக்கு தெரிந்தவர் யோசிக்காமல் எட்டு என்பார். ஏ வரிசைத் தாள்களின் அழகே அதுதான். ஏ1 தாளைப் பாதியாக மடித்தால் ஏ2, அதைப் பாதியாக்கினால் ஏ3, இன்னொரு முறை மடித்தால் ஏ4. மூன்று மடிப்பில் எட்டுத் துண்டு. காகிதத்தைப் பொறுத்தவரை இதில் தவறே இல்லை. ஆனால் அச்சுப்பொறி இந்தக் கணக்கை ஏற்காது. அதே அட்டவணையை அது பன்னிரண்டு தாளில் அடிக்கும். தாளைக் கிடையாக வைப்பதற்குப் பதில் நெடுக்காக வைத்துவிட்டால் பதினைந்து கேட்கும். கொஞ்சம் விவரம் தெரிந்தால் ஒன்பதில் முடிக்கலாம். ஏறத்தாழ முழு அளவில் எட்டில் மட்டும் முடியாது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி கைவந்த மாதிரி.

முதல் காரணம் வெள்ளை ஓரம். சாதாரண அச்சுப்பொறி எதுவும் தாளின் விளிம்பு வரை அச்சடிப்பதில்லை. உருளைகள் தாளைப் பிடித்து இழுக்க இடம் வேண்டும். லேசர் அச்சுப்பொறியில் விளிம்பைத் தாண்டி டோனர் தூள் சிந்தினால் உள்ளே போய் அடுத்தடுத்த தாள்களை அழுக்காக்கும். அதனால் நான்கு பக்கமும் ஏறத்தாழ நான்கைந்து மில்லிமீட்டர் விட்டுவிடும். இங்க்ஜெட் பொறிகள் சிலவற்றில் தாளின் கீழ்ப் பக்கம் இதைவிட அதிகமாகவே போகும். உங்கள் பொறி எவ்வளவு விடுகிறது என்று அறிய, தாள் முழுவதும் வெளிர் சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு பக்கத்தை அளவு மாற்றாமல் அடித்து, நான்கு புறமும் உள்ள வெள்ளையை ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். கணக்கு எளிதாக இருக்க இங்கே எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 297-க்கு 210 ஆன ஏ4 தாளில் நமக்குக் கிடைக்கும் அச்சுப் பரப்பு 287-க்கு 200 மட்டுமே.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஒரு தாளில் படம் முடியும் இடத்தில் சரியாக அடுத்த தாளில் படம் தொடங்கினால், ஒட்டும்போது மயிரிழை பிசகினாலும் நடுவில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அதனால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உள்ள ஒரு பட்டை அடுத்த தாளிலும் மறுபடி அச்சாக வேண்டும். நாட்டு ஓடு வேய்பவர் ஒரு ஓட்டின் விளிம்பில் அடுத்ததை ஏற்றி வைப்பதுபோல, ஒரு தாளின் பட்டை மேல் அடுத்த தாளின் அதே பட்டையை ஏற்றி ஒட்டுகிறோம். இதற்கு ஓவர்லேப் என்று பெயர். பத்து மில்லிமீட்டர் இருந்தால் கைக்கு வசதியாக இருக்கும். ஐந்துக்குக் கீழே போனால் பசை பிடிக்க இடம் போதாது; இருபதுக்கு மேல் போனால் தாள் வீண்.

இப்போது கணக்கைப் போடுவோம். கிடையாக வைத்த முதல் தாள் 287 மில்லிமீட்டர் அகலம் தரும். அதை அடுத்து வருகிற ஒவ்வொரு தாளிலும் பத்து மில்லிமீட்டர் முந்தைய தாளில் வந்ததே என்பதால் புதிதாகக் கிடைப்பது 277 மட்டும். மூன்று தாளுக்கு 287, 277, 277. கூட்டினால் 841. அட்டவணையின் அகலமும் 841. ஒரு மில்லிமீட்டர் மிச்சமில்லாமல் பொருந்துகிறது. இது வெறும் அதிர்ஷ்டம். உயரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதல் வரிசை 200, அடுத்த இரண்டு வரிசைகளும் ஆளுக்கு 190. மொத்தம் 580. தேவை 594. பதினான்கு மில்லிமீட்டர் குறைகிறது.

ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தக் குறைக்காக அச்சுப்பொறி நான்காவதாக ஒரு வரிசையைத் திறந்து, மூன்று தாளை முழுசாக எடுத்துக்கொள்ளும். மூன்று பெருக்கல் நான்கு, பன்னிரண்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், அட்டவணையைச் சுற்றி வடிவமைத்தவர் விட்ட வெற்று ஓரமே பல கோப்புகளில் அந்தப் பதினான்கு மில்லிமீட்டரைவிட அகலமாக இருக்கும். ஒன்றுமே அச்சாகாத இடத்துக்காக மூன்று தாள்!

தீர்வு, படத்தை ஒரு துளி சுருக்குவது. 594-ஐ 580-க்குள் அடக்க 97 சதவீதம் போதும். அப்போது அட்டவணை 816-க்கு 576 ஆகிறது. மூன்று நிரை, மூன்று வரிசை, ஒன்பது தாள். சுவரில் மாட்டிய பிறகு அந்த மூன்று சதவீதத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணையை இன்னும் சுருக்கி, கடையில் வழக்கமாகக் கிடைக்கும் 22-க்கு 28 அங்குல சார்ட் அட்டை ஒன்றில் அடங்கும்படி 84 சதவீதமாக்கினாலும், தாளைக் கிடையாகவே வைத்தால் அதே ஒன்பது தாள்தான் ஆகும். ஆகவே தாளை மிச்சப்படுத்துவதாக நினைத்து அளவுக்கு மீறிச் சுருக்குவதில் லாபமில்லை. எண்ணிக்கை படிப்படியாக இறங்குவதில்லை; ஒரு வரிசை முழுதாக விழும்போதுதான் இறங்கும். அந்த விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் சாமர்த்தியம்.

இனி கணினியில் செய்ய வேண்டியது. இலவசமாகக் கிடைக்கும் அடோபி அக்ரோபேட் ரீடரிலேயே இந்த வசதி இருக்கிறது. கோப்பை அதில் திறந்து அச்சுப் பெட்டிக்குப் போனால் Size, Poster, Multiple, Booklet என்று நான்கு பொத்தான்கள் இருக்கும். Poster என்பதை அழுத்துங்கள். Tile Scale என்ற இடத்தில் 97 என்றும், Overlap என்ற இடத்தில், அங்குலம் கேட்டால், 0.4 என்றும் போடுங்கள்; பத்து மில்லிமீட்டருக்கு அது ஏறத்தாழச் சமம். அங்கே முன்கூட்டியே எழுதியிருக்கும் எண் ஓவர்லேப்பே இல்லை என்னும் அளவுக்குச் சிறியது. அதை மாற்றாமல் விடுவதே இந்த வேலை கெடுவதற்கு முதல் காரணம். கீழே Cut Marks, Labels என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இரண்டிலும் டிக் போடுங்கள். முதலாவது எங்கே வெட்டுவது என்று மூலைகளில் சிறு கோடு போடும். இரண்டாவது எந்தத் தாள் எந்த இடத்துக்கு உரியது என்று ஓரத்தில் அச்சடிக்கும். ஒன்பது தாளும் ஒரே மாதிரிக் கட்டங்களாகத் தரையில் கிடக்கும்போது இந்த இரண்டாவதன் அருமை தெரியும்.

வலப்பக்கத்தில் தெரியும் முன்தோற்றத்தைப் பாருங்கள். படத்தின் மேல் கோடுகள் ஓடி, எங்கெங்கே பிரிகிறது என்று காட்டும். ஒன்பது கட்டம் தெரிகிறதா? பன்னிரண்டு தெரிந்தால் உங்கள் பொறியின் ஓரம் நாம் வைத்துக்கொண்ட ஐந்து மில்லிமீட்டரைவிட அகலம், அல்லது வெட்டுக்குறிகள் இடம் பிடித்துக்கொண்டன என்று அர்த்தம். 96, 95 என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். பதினைந்து தெரிந்தால் தாளின் திசை தவறு, கிடையாக மாற்றுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பி.டி.எஃப் கோப்பை இணைய உலாவியில் திறந்து அங்கிருந்தே அச்சுக்குக் கொடுத்தால் இந்த Poster பொத்தான் பெரும்பாலும் இருக்காது. முழு அட்டவணையும் ஒரே ஏ4 தாளில் பொடி எழுத்தாக வந்து நிற்கும். அடுத்து, பல அச்சுப்பொறிகளின் சொந்த அமைப்புப் பக்கத்திலும் போஸ்டர் என்றொரு தேர்வு இருக்கும். ரீடரிலும் போட்டு அங்கேயும் போட்டுவிட்டால், ஏற்கெனவே துண்டான ஒவ்வொரு தாளையும் அது மறுபடி துண்டாக்கும். ஓரமில்லாமல் அச்சடிக்கும் வசதி உள்ள பொறி வைத்திருப்பவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டாம். விளிம்பில் வெள்ளை தெரியாமல் இருக்க அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடுகிறது. தனிப் புகைப்படத்துக்குப் பரவாயில்லை. நமக்கோ ஓரத்துப் பட்டைதான் உயிர். அதுவே வெளியே போய்விடும்.

கோப்பின் அசல் அளவு ஏ1 தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். Properties பெட்டியில் Page Size என்று இருக்கும். சிலர் ஏ4 பக்கத்திலேயே அட்டவணையை வரைந்துவிட்டு அதைப் பெரிதாக்கிக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது 97 அல்ல, ஏ4-ஐ ஏ1 ஆக்கும் 283 சதவீதத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் 97 சதவீதம் என்றால் சுமார் 274. எழுத்தும் கோடுமாக வரைந்த கோப்பு எவ்வளவு பெருத்தாலும் கூர்மை குறையாது. புகைப்படமாக எடுத்து ஒட்டியது என்றால் பெருக்கப் பெருக்க மங்கும்.

இப்போது இந்த முறையில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். வீட்டில் அச்சுப்பொறி இல்லை. ஜெராக்ஸ் கடையில் அடிக்க வேண்டும். கடைக்காரருக்கு இந்த Poster அமைப்பெல்லாம் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. ஆகவே வீட்டிலேயே Microsoft Print to PDF என்ற மென்பொருள் அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்து, ஒன்பது பக்கமாகத் துண்டாக்கிய புதிய பி.டி.எஃப் ஒன்றை உருவாக்கிப் பென் டிரைவில் எடுத்துப் போகிறோம். யோசனை நல்லதுதான். ஆனால் அந்த மென்பொருள் அச்சுப்பொறிக்கு உருளையும் இல்லை, டோனரும் இல்லை. அதனால் அது ஓரமும் விடுவதில்லை. படத்தை ஏ4 விளிம்பு வரை பரப்பிவிடும். கடையில் உள்ள உண்மையான பொறி அதே பக்கத்தை அடிக்கும்போது நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டரை வெட்டித் தள்ளும். ஒரு இணைப்பில் இந்தத் தாளில் ஐந்து, அந்தத் தாளில் ஐந்து. மொத்தம் பத்து போயிற்று. நாம் வைத்திருந்த ஓவர்லேப்பும் பத்துதான். மிச்சம் பூஜ்யம்.

கடைக்காரர் அளவை Fit என்று வைத்து அடித்தால் வேறு விதமாகக் கெடும். தாளின் ஓரத்துக்குள் அடங்கும்படி ஒவ்வொரு பக்கமும் சுமார் ஐந்து சதவீதம் சுருங்கும். எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்குவதால் ஒட்டினால் பொருந்தும். படம் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக இருக்கும். தனிம அட்டவணைக்கு இது கேடில்லை.

கடைக்குக் கொண்டுபோகும் கோப்பு என்றால், ஓவர்லேப்பை இரட்டிப்பாக்கி 0.8 அங்குலம், அதாவது இருபது மில்லிமீட்டர் வைத்துவிடுங்கள். கடைப் பொறி பத்தைத் தின்றாலும் ஒட்டுவதற்குப் பத்து மிஞ்சும். முழுத் தாளும் பயன்படுவதால் எண்ணிக்கையும் கூடாது. 297, 277, 277 என்று அகலத்துக்கு 851 கிடைக்கும். உயரத்துக்கு 210, 190, 190 என்று 590. 97 சதவீதத்தில் இதே ஒன்பது தாளில் அடங்கும். கடையில் அளவை Actual size என்று வைத்து, இரண்டு பக்க அச்சை நிறுத்தி, முதலில் பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு தாளை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டின் ஓரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தாளின் விளிம்பில் உள்ள அதே எழுத்து, அதே கோடு மற்றதிலும் இருந்தால் பட்டை உயிரோடு இருக்கிறது. ஒரு எழுத்து பாதியாக அறுந்து, மறு பாதி எந்தத் தாளிலும் முழுமையாக வராவிட்டால் மீதி ஏழையும் அடிக்க வேண்டாம்.

ஒன்பது தாளையும் ஒரே பொறியில், ஒரே கட்டுத் தாளில், ஒரே மூச்சில் அடித்துவிடுவது நல்லது. நிறம் நிரப்பிய கட்டங்கள் இருந்தால், வேறு நாளில் வேறு பொறியில் அடித்த தாள் மட்டும் தனியாகத் தெரியும். லேசர் பொறியின் சூட்டில் காய்ந்து சுருண்டு வரும் தாள்களைக் கொஞ்ச நேரம் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் படிந்துவிடும்.

ஒட்டும் வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதல் நிரையைத் தவிர மற்ற எல்லாத் தாள்களிலும் இடப்பக்க வெள்ளை ஓரத்தை வெட்டுங்கள். முதல் வரிசையைத் தவிர மற்றவற்றில் மேல்பக்க வெள்ளை ஓரத்தை வெட்டுங்கள். வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் தொட வேண்டாம். அவை அடுத்த தாளுக்கு அடியில் போய்விடும், பசை தடவ இடமும் அவைதான். எல்லாப் பக்கமும் வெட்டிவிட்டு உட்காருகிறவர்களுக்கு ஒட்ட இடமே இருக்காது. வெட்டும்போது வெள்ளை முடியும் கோட்டிலேயே வெட்டாமல், இரண்டு மில்லிமீட்டர் படத்துக்கு உள்ளே தள்ளி வெட்டுங்கள். கத்தி சற்று விலகினாலும் வெள்ளை எட்டிப் பார்க்காது. பட்டை பத்து மில்லிமீட்டர் இருப்பதால் இந்த இரண்டை இழப்பதில் நட்டமில்லை.

கத்தரிக்கோலைவிட இரும்பு ஸ்கேலும் கட்டர் கத்தியும் நல்லது. ஸ்கேலைத் தாளின் விளிம்புக்கு இணையாக வைக்காதீர்கள். வெட்டுக்குறிகளை, அல்லது அட்டவணையின் கோட்டை, பார்த்து வையுங்கள். அச்சுப்பொறிக்குள் தாள் நேராகப் போவதில்லை. அரை டிகிரி சாய்ந்தால்கூடத் தாளின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இரண்டரை மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தாளின் விளிம்பை நம்பி ஒட்டினால் அந்தச் சாய்வு ஒவ்வொரு தாளிலும் சேர்ந்துகொண்டே போய், கடைசித் தாளில் படி ஏறியதுபோல் நிற்கும். படத்தை நம்பி ஒட்டினால் சாய்வு பட்டைக்குள் மறைந்துவிடும். ஓவர்லேப் இருப்பதே நமக்கு இந்தச் சுதந்திரத்தைத் தருவதற்காகத்தான்.

தனிம அட்டவணை இந்த விஷயத்தில் இரக்கமற்ற ஆசிரியர். பதினெட்டுத் தொகுதி, ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர், எங்கும் நேர்கோடு. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோடு உடைந்து தெரியும். இயற்கைக் காட்சி என்றால் மரத்திலும் மேகத்திலும் அந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். ஆனால் சரிசெய்வதும் அட்டவணையில்தான் எளிது. எந்தக் கோடு எதனோடு சேர வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. முதலில் ஒரு வரிசையின் மூன்று தாளை மட்டும் ஒட்டுங்கள். இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் அடித்தாளின் கோடு மேலே தெரியும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நகர்த்தி, பின்பக்கம் சிறு செலோ டேப் துண்டு போட்டு நிறுத்திக்கொண்டு, பிறகு பசை தடவலாம். மூன்று நீளப் பட்டைகள் தயாரானதும் அவற்றைத் தரையில் விரித்து ஒன்றோடொன்று சேருங்கள்.

பசை விஷயத்தில் பிடிவாதமாகவே சொல்கிறேன்: மைதாப் பசையும் தண்ணீராக ஓடும் கோந்தும் வேண்டாம். ஈரம் பட்ட காகிதம் விரியும், காயும்போது சுருங்கும். இணைப்பு முழுக்க நெளிநெளியாகிவிடும். இங்க்ஜெட் அச்சு என்றால் மையும் கரையும். உருட்டித் தடவும் பசைக் குச்சி போதும். இருபக்கமும் ஒட்டும் டேப் இன்னும் நல்லது, ஆனால் ஒருமுறை ஒட்டினால் எடுக்க முடியாது. சேர்ந்து முடிந்த அட்டவணையின் வெளி ஓரத்து வெள்ளையை இப்போது ஒரே வெட்டாக வெட்டி, தெர்மாகோல் பலகையிலோ இரண்டு சார்ட் அட்டைகளை இணைத்த பின்பலகையிலோ பதியுங்கள்.

முழுப் பரப்பும் அடர்நிறமாக இருக்கும் படத்துக்கு இதெல்லாம் வீண் வேலை. மை செலவு தாங்காது, இணைப்புகளும் மறையாது. அதைப் பெரிய தாளில் அடிக்கும் பிளாட்டர் கடையிலோ ஃப்ளெக்ஸ் கடையிலோ கொடுத்துவிடுவதே மேல். வெள்ளைப் பின்னணியில் கோடும் எழுத்துமாக இருக்கும் அட்டவணை, வரைபடம், கால வரிசைப் படம் ஆகியவைதான் ஏ4 துண்டுகளுக்கு ஏற்றவை.

97 சதவீதத் தந்திரம் சுவர்ப் படங்களுக்கு மட்டும்தான். இதே முறையில் பலர் தையல் வெட்டுமாதிரிகளை அச்சடிக்கிறார்கள். ரவிக்கைக்கும் சட்டைக்குமான மாதிரிகள் பல ஏ4 பக்கங்களாகவே விற்கப்படுகின்றன. அங்கே மூன்று சதவீதம் என்றால் நாற்பது அங்குல மார்பளவில் ஒன்றேகால் அங்குலம் குறையும். உடுப்பு உடலில் ஏறாது. அத்தகைய கோப்பை நூறு சதவீதத்தில், Actual size-இல் மட்டுமே அடியுங்கள். முதல் பக்கத்தில் வழக்கமாக ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளந்து, எழுதியிருக்கும் அளவு சரியாக வந்த பிறகே மீதிப் பக்கங்களை அச்சுக்குக் கொடுங்கள்.